நாணயம் எப்போது மறைந்தது? ஒரு வித்தைப் பாடக் காணொளியின் வசன அட்டவணையைப் பிரித்துப் பார்த்தபோது

வித்தை சிறியதுதான். ஒரு நாணயம், ஒரு பேனா, இரண்டு கைகள். வித்தைக்காரர் வலது கையில் இருக்கும் நாணயத்தை இடது கையில் வைத்து மூடுகிறார். பேன்ட் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து இடது முஷ்டியில் தட்டுகிறார். திறந்தால் நாணயம் இல்லை. வலது கையிலும் இல்லை.

இதைச் சொல்லித்தரும் காணொளிக்கு ஓர் இளம் வித்தைக்காரர் வசனம் எழுதியிருந்தார். காணொளி இரண்டு பாதி. முதல் பாதியில் வித்தையை அப்படியே செய்து காட்டுவது, இரண்டாவதில் ரகசியத்தைப் பிரித்துச் சொல்வது. முதல் பாதியிலேயே பார்ப்பவர்கள் பிடித்துவிட்டால் இரண்டாவது பாதிக்கு வேலையே இல்லை. அவருக்கு நடந்தது அதுதான். கைவேலை மோசமில்லை, வசனமும் கோளாறு இல்லாமல்தான் ஓடியது. ஆனால் மாதிரிப் பதிவைப் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் சிரித்துக்கொண்டே, "அது இடது கைக்குப் போகவே இல்லையே" என்றார்கள். எங்கே கோட்டைவிட்டோம் என்று பார்க்கத்தான் அட்டவணையை என்னிடம் கொண்டுவந்தார்.

இதில் ரகசிய வேலை இரண்டு. முதலாவது பொய்யாக வைப்பது. நாணயம் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகிய இரண்டின் அடிப்பகுதியில் கிடக்கிறது. வலது கை இடது உள்ளங்கைக்கு மேல் கவிழ்கிறது. விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொடும்போது அந்த இரண்டு விரல்களும் லேசாக மடங்கி நாணயத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நாணயத்தை வாங்கிக்கொண்டது போலவே இடது கை மூடி விலகுகிறது. இரண்டாவது வேலை கழித்துவிடுவது: பேனா எடுக்கப் போகும் வலது கை நாணயத்தைப் பாக்கெட்டில் விட்டுவிட்டு பேனாவோடு வெளியே வருகிறது. இரண்டுமே பார்ப்பவரின் கண் முன்னால்தான் நடக்கின்றன. ஒளித்துவைக்க மேசையோ திரையோ கிடையாது. எந்த நேரத்தில் எதைப் பார்க்க வைக்கிறோம் என்பதை வைத்தே மறைக்க வேண்டும்.

அவர் எழுதியிருந்த முதல் வடிவம் இது:

0:00 – "இதோ ஒரு நாணயம். நல்லாப் பாருங்க." (காட்டுகிறார்)
0:06 – "இப்ப இதை இடது கையில வைக்கிறேன். கவனமாப் பாருங்க." (பொய்யாக வைக்கிறார்)
0:09 – "இப்ப எந்தக் கையில இருக்கு, சொல்லுங்க?" (கேமராவைப் பார்க்கிறார்)
0:12 – "ஒரு பேனா எடுத்துக்கிறேன்." (பாக்கெட்டில் கை)
0:15 – (தட்டுகிறார், திறக்கிறார்)

தாளில் பார்த்தால் எல்லாம் இருக்கிறது. நேரம் போட்டிருக்கிறது, கவனத்தைத் திருப்ப ஒரு கேள்வியும் உண்டு. ஆனால் ஆறாவது நொடியைப் பாருங்கள். "கவனமாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கணமே பொய்யைச் செய்கிறார். பார்ப்பவரின் முழுக் கவனமும் கையில் குவிந்திருக்கும் இடம் அதுதான். போதாததற்கு "இடது கையில வைக்கிறேன்" என்று வாயாலும் சொல்கிறார். உண்மையிலேயே ஒரு பொருளைக் கை மாற்றுகிறவர் யாரும் அதை அறிவித்துக்கொண்டு செய்வதில்லை. அறிவித்த உடனே, "இதில் ஏதோ இருக்கிறது" என்ற எண்ணம் வந்துவிடும்.

கேள்வி வருவது மூன்று நொடி கழித்து. அதற்குள் பொய்யாக வைப்பது முடிந்துவிட்டது. அந்தக் கேள்வி மறைப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. அதைவிட மோசம் கேள்வியின் உள்ளடக்கம். "எந்தக் கையில" என்று கேட்டதும், அதுவரை யாரும் நினைக்காத வலது கையை அவரே நினைவூட்டிவிடுகிறார். நாணயம் இன்னும் அந்தக் கையில்தான் இருக்கிறது! வித்தைக்காரர்கள் எழுதும் வசனங்களில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. கேள்வி கேட்டால் கவனம் திரும்பும் என்பது சரிதான். எதை நோக்கித் திரும்பும் என்பதைக் கேள்வியே தீர்மானிக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பன்னிரண்டாவது நொடியில் பேனா. அதுவரை பேனா என்ற பேச்சே இல்லை. திடீரென்று கை பாக்கெட்டுக்குள் போகிறது. முதல் ரகசியத்தைக் கவனிக்காமல் விட்ட சிலரும் இங்கே பிடித்துவிட்டார்கள்.

திருத்தத்தைப் பின்னாலிருந்து தொடங்கினோம், பாக்கெட்டிலிருந்து. ஸ்பெயினைச் சேர்ந்த அர்துரோ தெ அஸ்கானியோ சீட்டு வித்தையில் பெயர் பெற்றவர். அவர் வலியுறுத்திய ஒரு கருத்து இங்கே நேராகப் பொருந்துகிறது. ரகசிய அசைவு தனி வேலையாக நிற்கக் கூடாது, வேறொரு வேலைக்குப் போகும் வழியில் நடந்துவிட வேண்டும். கை பாக்கெட்டுக்குப் போவது பேனாவுக்காக, நாணயம் விழுவது போகிற வழியில். ஆனால் அந்தப் பெரிய வேலைக்கு ஒரு காரணம் முன்கூட்டியே இருந்தால்தான் இது நடக்கும். அதனால் பேனாவை ஆரம்பத்துக்குக் கொண்டுவந்தோம். முதல் நொடியிலேயே பேனா கையில் இருக்கிறது. "வேலை செய்யப்போறது இதுதான், நான் இல்லை" என்று நாணயத்தை அதால் ஒரு முறை தட்டிவிட்டு, வலது பாக்கெட்டில் வைத்துவிடுகிறார். அந்தக் கை ஒரு முறை பாக்கெட்டுக்குப் போய் வெறும் கையாகத் திரும்பி வந்ததைப் பார்ப்பவர் பார்த்துவிட்டார். இரண்டாவது முறை போகும்போது அது செய்தியே இல்லை.

பேனா பாக்கெட்டில் எப்படி இருக்கிறது என்பதிலும் விஷயம் உண்டு. கிளிப்பால் பாக்கெட் விளிம்பில் மாட்டியிருந்தால் இரண்டு விரல் போதும், கை உள்ளே போகக் காரணமில்லை. அடியில் படுத்திருந்தால் தேடித் துழாவ வேண்டும், கை அதிக நேரம் உள்ளே இருக்கும். மணிக்கட்டு வரை கை போனால் உடனே கிடைக்கும்படி நிமிர்ந்து நிற்க வேண்டும். பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் கூடாது. நாணயம் விழும் சத்தத்தை மைக் பிடித்துவிடும். நாணயத்தை மேலிருந்து போடாமல், விரல்கள் துணியைத் தொட்ட பிறகு விட்டால் சத்தம் வராது.

அடுத்து பொய்யாக வைக்கும் இடம். அதற்கு முன்னால் ஓர் உண்மையான வைப்பைச் சேர்த்தோம். பேசிக்கொண்டே நாணயத்தை நிஜமாகவே இடது கையில் வைக்கிறார், மூடுகிறார், திறந்து காட்டி மறுபடி எடுத்துக்கொள்கிறார். அந்த அசைவு எப்படி இருக்கும் என்று பார்ப்பவர் மனதில் பதிந்துவிடுகிறது. இதில் செய்பவருக்கும் ஒரு பயன் இருக்கிறது. பொய் வைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் அவருடைய சொந்த உண்மை வைப்புதான். இரண்டையும் பதிவு செய்து பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். இவர் பதிவில் மூன்று வித்தியாசங்கள் தெரிந்தன. பொய் வைப்பில் இடது முஷ்டி இறுகியிருந்தது, உள்ளே ஒரு நாணயத்துக்கான இடமே இல்லை. உண்மை வைப்பில் வலது கை அங்கேயே நின்று தளர்ந்தது, பொய்யில் வெடுக்கென்று பின்வாங்கியது. கடைசியாக, பொய்யில் வலது கட்டைவிரல் விறைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எதையோ பிடித்திருக்கும் கை அப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

இப்போது நேரம். பார்ப்பவரின் கண் கையிலிருந்து முகத்துக்கு வர வேண்டும், அந்த நேரத்தில் விரல்கள் மடங்க வேண்டும். இவர் ஒத்திகையில் தலையை நிமிர்த்தியதும் விரல்களை மடக்கியதும் ஒரே கணத்தில் நடந்தன. VLC-யில் பதிவை நிறுத்திவிட்டு `E` விசையைத் தட்டினால் ஒவ்வொரு சட்டகமாக நகரும். அப்படிப் பார்த்தபோது இரண்டும் ஒரே சட்டகத்தில் தொடங்குவது தெரிந்தது. பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எதிரில் இருப்பவரின் கண் ஒரு புதிய குறிப்புக்குத் திரும்ப ஏறத்தாழ 200 மில்லிநொடி எடுக்கும். நொடிக்கு 30 சட்டகம் என்றால் ஆறு சட்டகம். அந்த ஆறு சட்டகமும் பார்ப்பவர் இன்னும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், விரல் மடங்குவதும் அதற்குள்தான் நடக்கிறது. குறிப்பு முந்த வேண்டும், வேலை பிந்த வேண்டும். ஆறு என்பது குறைந்தபட்சம். பத்து, பன்னிரண்டு சட்டகம் முந்தினால் நிம்மதி.

ஆனால் மேடையில் யாரும் சட்டகம் எண்ண முடியாது. அதனால் நேரத்தைக் கடிகாரத்திலிருந்து எடுத்து அசைகளில் கட்டினோம். வரி இப்படி மாறியது:

"நீங்க சொல்லுங்க, ஒரு பொருள் காணாமப் போக எவ்வளவு நேரம் ஆகும்?"

"நீங்க" என்ற சொல்லின் முதல் அசையில் தலை நிமிர்கிறது. "சொல்லுங்க" என்பதில் விரல்கள் மடங்குகின்றன. "காணாமப் போக" வரும்போது இடது கை மூடி விலகியாகிவிட்டது. தமிழ் வாக்கியம் இதற்கு நன்றாகவே ஒத்துழைக்கிறது. ஆளை நோக்கிய விளி முன்னால் வந்து கண்ணை இழுக்கிறது. என்ன கேட்கிறார் என்பது கடைசியில்தான் தெரிகிறது, அதுவரை கண் முகத்தை விட்டு இறங்காது. இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் இரண்டு நொடி கிடைக்கிறது. வேற்று மொழிப் பாடங்களிலிருந்து வரியைச் சொல்லுக்குச் சொல் எடுத்து வருகிறவர்களுக்கு இந்த இடம் கெட்டுப்போகிறது. கேள்விச் சொல் முன்னால் இருந்த வரிக்கு அமைத்த நேரம், அது பின்னால் போனதும் ஒத்துவராது.

கேள்விக்கும் ரகசியத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் கவனியுங்கள். கையைப் பற்றியோ இடத்தைப் பற்றியோ ஒரு சொல் கூட இல்லை.

கேள்வி முடிந்ததும் வித்தைக்காரரின் பார்வை இடது முஷ்டிக்குப் போக வேண்டும், அங்கேயே தங்க வேண்டும். கஸ்டவ் குன், மைக்கேல் லேண்ட் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. பந்தை இரண்டு முறை உண்மையாக மேலே எறிந்துவிட்டு மூன்றாம் முறை எறிவது போல் பாவனை செய்தார்கள். வித்தைக்காரரின் பார்வை, அங்கே இல்லாத பந்தைத் தொடர்ந்து மேலே போனபோது, பந்து மேலே போனதைக் கண்டதாகச் சொன்னவர்கள் அதிகம். பந்து ஒளிந்திருந்த கையை அவர் பார்த்தபோது அப்படிச் சொன்னவர்கள் குறைவு. நம்முடைய வித்தையிலும் அதே ஏற்பாடுதான்: முன்னால் ஓர் உண்மை, பின்னால் ஒரு பொய், பொய்யின் மேல் பார்வை. இவர் முதல் பதிவில் பொய்யாக வைத்த பிறகு ஒரே ஒரு தடவை வலது கையைக் குனிந்து பார்த்தார். கால் நொடிதான். அது போதும்.

பாக்கெட்டுக்குப் போகும்போதும் கண் இடது முஷ்டியில்தான். "அட, பேனா வேணுமே" என்று முஷ்டியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார், கை தானாக இறங்குகிறது. பேனா வெளியே வந்த பிறகும் உடனே தட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். முஷ்டியைச் சற்று உயர்த்தி, பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அப்புறம் தட்டல். பாக்கெட்டுக்கும் திறப்புக்கும் நடுவே ஐந்தாறு நொடி. மறைவு தெரியும் நேரத்தில் பார்ப்பவர் மனம் பின்னோக்கி ஓடி, "சற்று முன் என்ன செய்தார்?" என்று தேடும். கையில் கிடைக்கும் கடைசிச் சம்பவம் பாக்கெட்டாக இருக்கக் கூடாது, பேனாத் தட்டலாக இருக்க வேண்டும்.

புது வடிவத்தைச் சோதித்த முறையும் இங்கே சொல்ல வேண்டியதுதான். "பிடிச்சீங்களா?" என்று கேட்டால் பயனில்லை. வீம்புக்கு ஆமாம் என்பவரும் உண்டு, மரியாதைக்கு இல்லை என்பவரும் உண்டு. "நாணயம் எப்போது மறைந்தது?" என்று மட்டும் கேட்டோம். தட்டியபோது என்றால் எல்லாம் சரி. பேனா எடுத்தபோது என்றால் பாக்கெட் இடம் பலவீனம். கைக்குப் போகவே இல்லை என்றால் பொய் வைப்பு பலவீனம். பதிலிலேயே நோய் எங்கே என்பது தெரிந்துவிடும். பார்க்காத புது ஆட்களிடம் காட்டியபோது பெரும்பாலும் முதல் பதில்தான் வந்தது. ஒருவர் மட்டும் பாக்கெட் என்றார். விசாரித்தால், அவர் பார்த்தது நெஞ்சு வரை வெட்டப்பட்ட பதிவு. கை சட்டகத்தின் கீழ் விளிம்பைத் தாண்டிக் காணாமல் போய், பேனாவோடு திரும்பி வந்திருக்கிறது. கை கண்ணை விட்டு மறைந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். தொடையின் நடுப்பகுதி வரை தெரியும்படி கேமராவைப் பின்னால் தள்ளியதும் அது தீர்ந்தது. பாக்கெட் திறந்த வெளியில் தெரிவதுதான் பாதுகாப்பு என்பது கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அப்படித்தான்.

காணொளி என்றால் இன்னொரு தொல்லை உண்டு. திரும்ப ஓட்டலாம். குன், பெஞ்சமின் டாட்லர் இருவரும் 2005-இல் சிகரெட்டும் லைட்டரும் மறையும் ஒரு வித்தையை வைத்து, பார்ப்பவர்களின் கண் எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். சிகரெட் கீழே விழுவது வெளிப்படையாகவே நடந்தது. அதைக் கவனித்தவர்களின் கண் அந்த நேரத்தில் சிகரெட்டுக்கு அருகில் இருந்தது, கவனிக்காதவர்களின் கண் தொலைவில் இருந்தது என்று வித்தியாசம் எதுவும் இல்லை. அதே வித்தையை இரண்டாம் முறை காட்டியபோது கிட்டத்தட்ட எல்லோரும் பிடித்துவிட்டார்கள். நேரத்தால் மறைப்பது ஒரு முறைக்கான மறைப்பு. திரும்ப ஓட்டுகிறவரிடமிருந்து காப்பாற்றக்கூடியது பொய் வைப்பு மட்டும்தான், அதுவும் அது உண்மை வைப்பு போலவே இருந்தால். பாக்கெட் இடத்தில் ஓர் எடிட்டிங் வெட்டு போட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். கற்றுக்கொள்ள வந்தவரிடம் செய்து காட்டும் பகுதியையே வெட்டி ஒட்டினால், அவர் வீட்டில் செய்யும்போது வராத ஒன்றைத்தான் நாம் காட்டியிருப்போம். முதல் பாதி முழுவதும் ஒரே டேக்.

இரண்டாவது பாதியில் முதலில் அவர் எழுதியிருந்தது, "12-ஆவது நொடியில் பாக்கெட்டுக்குப் போங்கள்" என்கிற வகை. அதை முழுக்க எடுத்துவிட்டு ஒரே வரியை மூன்று தடமாக எழுதச் சொன்னேன். வாய் என்ன சொல்கிறது, கண் எங்கே இருக்கிறது, கை என்ன செய்கிறது.

வாய்: நீங்க | சொல்லுங்க | ஒரு பொருள் காணாமப் போக | எவ்வளவு நேரம் ஆகும்?
கண்: முகம் | முகம் | முகம் | இடது முஷ்டி
கை: கவிழ்கிறது | விரல் மடங்குகிறது | இடது கை மூடி விலகுகிறது | வலது கை தொங்குகிறது

முதலில் வாயும் கண்ணும் மட்டும், நாணயமே இல்லாமல். அது பழகிய பிறகு உண்மை வைப்போடு. கடைசியில்தான் பொய் வைப்பு. பெரும்பாலான பாடங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கையைப் பல நாள் பழக்கிவிட்டு வசனத்தைக் கடைசியில் மேலே ஒட்டுகிறார்கள், விரல் மடங்கும்போது பேச்சு நின்றுபோகிறது. பேச்சு நிற்கும் இடத்தில் எல்லோரும் கையைப் பார்ப்பார்கள்.

நேரில் செய்யும்போது வரும் ஒரு விஷயம் காணொளியில் கிடையாது: "நீங்க சொல்லுங்க" என்றாலும் சிலர் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், கையையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கும் வசனத்தில் ஒரு கிளை எழுதிவைத்தோம். கண் வராவிட்டால் விரலை மடக்க வேண்டாம். நாணயத்தை நிஜமாகவே இடது கையில் வைத்துவிட்டு, கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைக் கேட்டு, கையைத் திறந்து, "அவ்வளவு நேரமா? இன்னும் இங்கேதான் இருக்கு பாருங்க" என்று காட்டி மறுபடி வலது கைக்கு எடுத்துக்கொள்ளலாம். அவர் எதிர்பார்த்தது எதுவும் நடக்காததால் தோள் தளர்ந்து, சிரித்து, நிமிர்வார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், எந்தக் கேள்வியும் கேட்காமல், பொய் வைப்பைச் செய்துவிட வேண்டும்.